கம்பெனிகளோடு ரூம் ரேட் ஒப்பந்தம்: கிருஷ்ணகிரி பக்கத்து ஹோட்டல்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று சிப்காட்டும் ஆலைகளும் பெருகப் பெருக, பைபாஸ் ஓரத்தில் முப்பது நாற்பது ரூம் வைத்திருக்கிறவர்களிடமும் கம்பெனி அட்மின்கள் வந்து ரேட் கேட்கிறார்கள். எனக்கு இதில் பதினோரு வருஷ அனுபவம், அதில் முதல் மூன்று வருஷம் அடிபட்டுக் கற்றது. நண்பர்கள் போனில் கேட்பதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ரேட்டுகளும் செலவுக் கணக்கும் ஒரு 36 ரூம் ஹோட்டலை மனதில் வைத்துப் போட்டவை, உங்கள் எண்ணை வைத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்க ரேட் 2,500. ஒரு ஆலைக்காரங்க காலை டிபனோட சேர்த்து 1,700-க்குக் கேட்கிறாங்க, 60 நாள் கிரெடிட் வேற. கொடுக்கலாமா, கட்டுப்படியாகுமா?

2,500-ஐ மறந்துவிடுங்கள், அது போர்டில் எழுதியிருக்கிற ரேட். செவ்வாய்க்கிழமை ராத்திரி உங்கள் ரூம் உண்மையில் என்ன விலைக்குப் போகிறது, கைக்கு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஆன்லைன் தளத்தில் 2,200-க்குப் போகிறது, கமிஷன் 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 396 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 71 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு நாம் 5 சதவீத வரிதான் போடுகிறோம், ஆனால் உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது, அதனால் அந்த 71-ம் நம் செலவு. கைக்கு வருவது 1,733.

இப்போது கம்பெனி கேட்கும் 1,700. டிபன் செலவு ஒரு ஆளுக்கு 110 என்றால் 1,590. கிரெடிட்டுக்கு ஒரு விலை இருக்கிறது, அதைத்தான் நம்மில் பாதிப்பேர் கணக்கில் எடுப்பதே இல்லை. மாதக் கடைசியில் பில் கொடுக்கிறீர்கள், அதற்குமுன் சராசரியாகப் பதினைந்து நாள் ஓடிவிட்டது, பிறகு 60 நாள், அதற்கும் மேலே அவர்கள் இழுக்கிற பத்து நாள், ஆக 85 நாள். பேங்க் ஓவர்டிராஃப்ட் வட்டி 12 சதவீதம் என்றால் வரியோடு சேர்ந்த 1,785 ரூபாய்க்கு ஏறக்குறைய 50 ரூபாய் வட்டி. மிஞ்சுவது 1,540. ஆன்லைனில் வருவதைவிட ஏறத்தாழ 190 ரூபாய் குறைவு.

உடனே முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். நம் ஊரில் திங்கள் முதல் வியாழன் வரை பாதி ரூம் காலியாகவே கிடக்கிறது. ஒரு ரூம் ஒரு ராத்திரி போனால் சலவை, சோப்பு, கரண்ட், தண்ணீர் என்று கூடுதலாக ஆகும் செலவு 350 ரூபாய் இருக்கலாம். 1,540-இல் அதைக் கழித்தால் 1,190. காலியாகக் கிடந்தால் பூஜ்யம். மாதம் 80 ராத்திரி கேட்கிறார்கள், வார நாட்களில் மட்டும் வந்தால் தினம் ஐந்து ரூம் சுமார், உங்கள் காலி ரூமுக்குள்ளேயே அடங்கிவிடும்.

கெடுப்பது வெள்ளி, சனியும் முகூர்த்த நாளும்தான். கல்யாணப் பார்ட்டி நேரில் வந்து 2,500 கொடுத்து எடுக்கிற ராத்திரியில் கம்பெனி ஆள் இருந்தால் ஒரு ரூமுக்கு 960 ரூபாய் போகும். 80-இல் 20 ராத்திரி அப்படி விழுந்தாலே மாதம் 19,200. ஆகவே நான் சொல்லும் பதில்: ஞாயிறு முதல் வியாழன் ராத்திரி வரை டிபனோடு 1,850, கிரெடிட் 30 நாள், செக்-அவுட்டில் அங்கேயே பணம் கட்டினால் 1,750. நூறு ரூபாய் வித்தியாசம் வட்டிக்கு மட்டும் இல்லை, பில்லைத் தூக்கிக்கொண்டு அலைகிற கூலியும் அதில் இருக்கிறது.

மாசம் 80 ரூம் கண்டிப்பா வரும்னு அட்மின் சத்தியம் பண்றார். அதை நம்பி ரேட் குறைக்கலாமா?

அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. புது லைன் போடும்போது மெஷின் பொருத்த ஆட்கள் வருவார்கள், ரூம் பிய்த்துக்கொண்டு போகும், லைன் ஓட ஆரம்பித்ததும் மாதம் நாலு ஆடிட்டர்தான் வருவார்கள்.

வரப்போகிற ரூமுக்குத் தள்ளுபடி கொடுக்காமல், வந்த ரூமுக்குக் கொடுங்கள். மாதம் 40 ராத்திரி வரை 1,850. 40-ஐத் தாண்டினால் அந்த மாதத்து எல்லா ராத்திரிக்கும் 100 ரூபாய், 70-ஐத் தாண்டினால் 150 ரூபாய், அடுத்த மாதம் கிரெடிட் நோட்டாகத் திருப்பித் தருவோம் என்று எழுதுங்கள். அவர்கள் கேட்ட 1,700 அவர்களுக்கே கிடைக்கும், 80 ரூம் கொடுத்துக் காட்டினால். இதைச் சொன்னதும் அட்மின் முகத்தைப் பார்த்தாலே அந்த 80-இல் எத்தனை நிஜம் என்று தெரிந்துவிடும்.

எனக்கு அப்படி ஒரு ஆலையில் முதல் மூன்று மாதம் வந்தது 31, 44, 27. மொத்தம் 102 ராத்திரி. 1,700 என்று கையெழுத்துப் போட்டிருந்தால் 15,300 ரூபாய் விட்டுக்கொடுத்திருப்பேன். படிக்கட்டு ரேட் இருந்ததால் இரண்டாவது மாதத்துக்கு மட்டும் 4,400 திருப்பிக் கொடுத்தேன், சந்தோஷமாகவே கொடுத்தேன். இந்தத் தள்ளுபடி முறையை ஒப்பந்தத்திலேயே முன்கூட்டி எழுதிவிடுங்கள், பிறகு கிரெடிட் நோட்டு போடும்போது ஜிஎஸ்டி கணக்கில் ஆடிட்டர் கேள்வி கேட்க மாட்டார்.

சனிக்கிழமையும் முகூர்த்த நாளும் அதே ரேட்டுக்கு ரூம் தரணும்னு ஒப்பந்தத்துல போட்டிருக்காங்க. எடுக்கச் சொல்லலாமா?

சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும். பெரிய கம்பெனி அனுப்பும் மாதிரி ஒப்பந்தத்தில் 'கடைசி ரூம் வரை' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், ஒரே ஒரு ரூம் மிச்சம் இருந்தாலும் ஒப்பந்த ரேட்டுக்கே தர வேண்டும் என்று அர்த்தம். ஐந்நூறு ரூம் வைத்திருக்கிறவனுக்கு அது ஒன்றும் செய்யாது, 36 ரூம்காரனுக்கு அது கழுத்தில் கயிறு. அதை அடித்துவிட்டு, 'ரூம் இருப்பைப் பொறுத்து, ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஆறு ரூம் வரை' என்று மாற்றுங்கள்.

முகூர்த்த நாளுக்கு நான் செய்வது எளிது. கையெழுத்தாகும்போதே அந்த வருஷக் காலண்டரைப் பார்த்து முகூர்த்த தேதிகளை ஒரு தாளில் எழுதி ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுவேன், அந்த நாட்களில் அன்றைய ரேட். நாலைந்து தேதியை அவர்கள் பேரம் பேசி எடுப்பார்கள், விட்டுக்கொடுங்கள். பதிலுக்கு ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் காலி, நமக்கும் காலி. அந்த இரண்டு மாதமும் எல்லா நாளும் ஒரே ரேட் என்று நீங்களே எடுத்துக் கொடுத்தால் அட்மின் தன் மேலதிகாரியிடம் காட்ட ஒரு வெற்றி கிடைக்கும். மாங்கூழ் சீசனில் வியாபாரிகளும் மெஷின் மெக்கானிக்குகளும் வந்து ரூம் தானாகப் போகும், ஜூன், ஜூலையில் ஆடி பிறக்கும் வரை எதையும் சலுகையாக எழுதாதீர்கள்.

ஆன்லைன்ல எங்க ரூம் 1,790-க்குக் காட்டுது, கம்பெனி ரேட் 1,850. ஆள் ரிசப்ஷன்ல போனைக் காட்டி சண்டை போடறார்.

அவர் கேட்பது நியாயம்தான். காலி ரூமைத் தள்ள நாமே கடைசி நேரத்தில் விலையை இறக்கிவிட்டு, ஒப்பந்தக்காரனிடம் அதிகம் வாங்கினால் அடுத்த முறை அவர் வரமாட்டார். ஆன்லைன் விலைக்கு ஒரு தரையை வையுங்கள், அது கம்பெனி ரேட்டுக்குக் கீழே போகக் கூடாது. தவறிப்போய் இறங்கிவிட்டால் அந்த ரேட்டையே கொடுத்துவிடுங்கள், ஆனால் டிபன் உண்டா, கடைசி நேர ரத்து உண்டா, கிரெடிட் உண்டா என்று ஒப்பிட்டும் சொல்லுங்கள். ஆன்லைன் 1,790-இல் பெரும்பாலும் டிபன் இருக்காது.

60 நாள் கிரெடிட் எங்க கம்பெனி பாலிசி, மாத்த முடியாதுன்னு பர்ச்சேஸ்ல சொல்றாங்க. என்ன செய்ய?

உங்களிடம் உத்யம் பதிவு இருக்கிறதா? ஹோட்டல் சேவைத் தொழில், குறு அல்லது சிறு நிறுவன வரம்புக்குள் வந்தால் பதிவு செய்யலாம். 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனத்துக்கு ஆண்டு விற்றுமுதல் வரம்பு 100 கோடி, முதலீட்டு வரம்பு 25 கோடி, நம்மில் கிட்டத்தட்ட எல்லோரும் அதற்குள் அடங்குவோம்.

2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கெடு வைக்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. ஆனால் கம்பெனிக்காரர்களை அசைப்பது இந்த வட்டி இல்லை, வருமான வரி. 2023-இல் கொண்டுவந்த 43பி (எச்) என்று ஆடிட்டர்கள் சொல்லும் விதிப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த வருஷம் கழிக்க முடியாது, பணம் கொடுத்த வருஷத்தில்தான் கழிக்கலாம்.

ஆகவே பர்ச்சேஸ் ஆளோடு மல்லுக்கட்டாதீர்கள். உத்யம் சான்றிதழை வெண்டர் பதிவுப் படிவத்தோடு இணைத்து, அவர்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் ஒரு பிரதி மெயில் செய்யுங்கள். 60 நாள் பாலிசி 45-க்கு இறங்கிவிடும், நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். அதற்குமேல் 30-க்குக் கொண்டுவருவது உங்கள் பேச்சுத் திறமை. அங்கேதான் முதலில் சொன்ன 1,850, 1,750 இரட்டை ரேட் கைகொடுக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கம்பெனி பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த பில்லுக்கான ஜிஎஸ்டியை மாதாந்திரம் தாக்கல் செய்கிறவர்கள் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கிரெடிட் கொடுப்பது என்றால் ரூமோடு வரியையும் சேர்த்துக் கடன் கொடுப்பது.

எவ்வளவு ரூபா வரைக்கும் பாக்கி ஏற விடலாம்?

கிரெடிட் எத்தனை நாள் என்று மட்டும் எழுதிவிட்டு எத்தனை ரூபாய் வரை என்று எழுதாமல் விடுவதுதான் பலர் செய்யும் தவறு. மாதம் 40 ராத்திரி, 1,850, வரியோடு 77,700. முதல் மாத பில் 30 நாள் கெடுவில் இரண்டாம் மாதக் கடைசியில் வரும், அதற்குள் இரண்டாம் மாதமும் ஓடியிருக்கும், ஆக எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 1,55,400 வெளியே நிற்கும். பதினைந்து நாள் தாமதித்தால் இன்னும் பாதி மாதம் சேர்ந்து 1,94,000 சுமார். ஆகவே வரம்பு 2 லட்சம் என்று எழுதுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை பில் கொடுத்தால் இதே ரேட்டில் பாக்கி நன்றாகக் குறையும், கம்பெனியும் பெரும்பாலும் மறுப்பதில்லை.

வரம்பைத் தாண்டினால் அடுத்து வரும் விருந்தினர் நேரடியாகப் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். ஆனால் அதை ராத்திரி பதினொரு மணிக்குப் பெட்டியோடு வந்து நிற்கிற ஆளிடம் ரிசப்ஷனில் சொல்லாதீர்கள், அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அன்று காலையிலேயே அட்மினுக்கு மெயிலும் போனும் போக வேண்டும்.

பில் கொடுத்தா ஏதாவது குறை சொல்லி திருப்பி அனுப்பிட்டே இருக்காங்க. 45 நாள் எப்ப ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கம்பெனிக்கு மூன்று மாதம் ஆள் தங்கவைத்தேன், புக்கிங் எல்லாம் போனிலும் வாட்ஸ்அப்பிலும். அட்மின் நல்ல மனிதர், 'அண்ணா, ரூம் போட்டு வைங்க' என்பார், போட்டு வைப்பேன். அவர் வேலையை விட்டுப் போனதும் புதிதாக வந்தவர் ஒவ்வொரு பெயருக்கும் அனுமதி மெயில் கேட்டார், இல்லை. ஆள் கையெழுத்து கேட்டார், பாதிக்கு இல்லை. நடுவில் இரண்டு பேர் லாண்ட்ரியும் இரவுச் சாப்பாடும் ரூம் பில்லிலேயே ஏற்றியிருந்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டு மொத்த பில்லையும் நிறுத்திவைத்தார்கள். கடைசியில் 38,000 ரூபாய் வரவே இல்லை. அவர்கள் மேல் கோபம் இருந்தாலும், என் கையில் ஒரு தாளும் இல்லை என்பதுதான் நிஜம்.

அதன்பிறகு என் ரிசப்ஷனில் விதி ஒன்றுதான்: கம்பெனி கணக்கில் ரூம் என்றால் கம்பெனி மெயில் முகவரியிலிருந்து பெயர், தேதி, எதெதைக் கம்பெனி கொடுக்கும் என்று எழுதி வர வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டர் எண் இருந்தால் அதுவும். செக்-அவுட்டில் ஆள் பில்லில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி வாங்குவோம். லாண்ட்ரி, சாப்பாடு, டாக்ஸி எல்லாம் தனி பில், ஆளே கட்டிவிட்டுப் போவார். மெயிலும் கையெழுத்துப் போட்ட பில்லும் சேர்த்து ஒரே கட்டாகப் போகும், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை அல்லது மெயில் பதில் வாங்குவோம்.

கெடு எப்போது தொடங்கும் என்ற சண்டைக்கு, 'பில் பெற்ற ஏழு நாளுக்குள் குறை இருந்தால் எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். சர்ச்சையுள்ள தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியைக் கொடுக்க வேண்டும்' என்று ஒரு பத்தி சேருங்கள். இதற்கு எதிர்ப்பு வந்ததே இல்லை. படித்துப் பார்ப்பதில்லையோ என்னவோ.

ஆலை நம்ம மாவட்டத்துல, ஹெட் ஆபீஸ் பெங்களூருல. கர்நாடக ஜிஎஸ்டி எண்ணுக்கு பில் போடச் சொல்றாங்க. போடலாமா?

போடலாம், ஆனால் அவர்களுக்குப் பயன் இல்லை. ஹோட்டல் தங்கலுக்கு வழங்கும் இடம் என்பது கட்டிடம் இருக்கும் இடம், அதனால் கேட்பவர் எங்கிருந்தாலும் நாம் தமிழ்நாட்டு மத்திய, மாநில வரிதான் போட வேண்டும். 29-இல் தொடங்கும் கர்நாடகப் பதிவில் அந்த வரியைக் கழிக்க முடியாது. ஆலைக்கு 33-இல் தொடங்கும் தமிழ்நாட்டு எண் இருந்தால் அதற்கு பில் போடுங்கள், கழிவு அவர்களுக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. இதை ஒப்பந்தப் பேச்சின்போதே கேட்டுவிடுங்கள். மூன்று மாதம் தவறான எண்ணில் பில் போட்டுவிட்டுத் திருத்தித் தரச் சொல்வார்கள், அதுவரை பணம் நிற்கும். பெங்களூரிலேயே தங்கிக்கொண்டு தினம் வந்துபோகலாம் என்று அவர்கள் பேரம் பேசும்போதும் இந்த எண் விஷயம் உதவும், ஏனென்றால் அங்கே தங்கினால் தமிழ்நாட்டுப் பதிவில் கழிவு கிடைக்காது.

ரூம் வாடகைன்னு சொல்லி 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கிறாங்க. சரியா?

ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2002-இல் மத்திய நேரடி வரிகள் வாரியம் 5-ஆம் எண் சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறது: வெறும் ரேட் ஒப்பந்தம், அதாவது ஆள் வந்தால் இந்த ரேட் என்று மட்டும் இருந்தால், அது தொடர்ச்சியாக இடம் எடுத்ததாகாது, வாடகை டிடிஎஸ் வராது. 'பத்து ரூம் ஒரு வருஷத்துக்கு உங்களுக்கென்று ஒதுக்கி வைக்கிறோம்' என்று எழுதினால் கதை மாறிவிடும், வாடகையாகப் பார்ப்பார்கள். ரூம் ஒதுக்கித்தான் கேட்கிறார்கள் என்றால் டிடிஎஸ்ஸையும் காலி நாளுக்கான பணத்தையும் சேர்த்தே பேசுங்கள். பிடித்த தொகை உங்கள் வரிக் கணக்கில் வந்துவிடும், அழிந்துபோகாது, ஆனால் அதுவரை ரொக்கம் மாட்டிக்கொள்ளும்.

அந்த ஆலைக்கு வேலை செய்யற கான்ட்ராக்டர் ஆட்களும் அதே ரேட் கேட்கிறாங்க.

ரேட் கொடுங்கள், கிரெடிட் கொடுக்காதீர்கள். செக்-இன்னிலேயே பணம். ஆலையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள், பணம் வராவிட்டால் ஆலைக்காரர் 'அவங்க எங்க ஆள் இல்லையே' என்பார்.

ஒப்பந்தம் எத்தனை மாசத்துக்குப் போடறது? ரேட்டை எப்ப ஏத்தறது?

பன்னிரண்டு மாதம், ஏப்ரலில் தொடங்கினால் அவர்கள் பட்ஜெட்டோடு ஒத்துப்போகும். ஏற்றப் பேச்சை ஜனவரியிலேயே, அந்த வருஷம் அவர்கள் உண்மையில் கொடுத்த ராத்திரி எண்ணிக்கையையும் பணம் வந்த நாட்களையும் ஒரு பக்கத் தாளில் அச்சடித்துக்கொண்டு போய் ஆரம்பியுங்கள். நான் போன தடவை அப்படிப் போனபோது அட்மின் தாளைப் பார்த்துவிட்டு, 'சராசரி 34 நாள்ல பணம் கொடுத்திருக்கோமா, பரவாயில்லையே' என்றார். ஆமாம் சார், அதனாலதான் 50 ரூபா மட்டும் ஏத்தறேன் என்றேன். டீ வந்தது, 40-க்கு முடிந்தது.